ஏப்ரல் கணக்கில் காணாமல் போன கரண்ட் பில்

ஒரு சின்ன லேத் பட்டறை. மாத பட்ஜெட்டில் இன்சூரன்ஸுக்கு 10,000 ரூபாய், மின்சாரத்துக்கு 30,000. ஏப்ரல் முதல் தேதியே ஆண்டு பிரீமியம் 1,20,000 கட்டியாகிவிட்டது. கரண்ட் பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மே கடைசியில் வரும். ரொக்கப் புத்தகத்தை அப்படியே எடுத்தால், ஏப்ரலில் 80,000 ரூபாய் அதிகச் செலவு. முதலாளிக்கு வியர்க்கும், வீணாக.

பிரீமியத்தில் ஏப்ரலின் பங்கு 10,000 மட்டுமே. மீதி 1,10,000 முன்கூட்டிச் செலுத்திய செலவு; அது சொத்துப் பக்கம் போய், மாதம் பத்தாயிரமாகக் கரையும். மின்சாரத்துக்கு பில் வரக் காத்திருக்க வேண்டாம். 30ஆம் தேதி மீட்டரைப் பார்த்துக் கணக்கிட்டால் 32,000. அதைக் கொடுபடவேண்டிய செலவாக எழுதலாம். இப்போது உண்மையான மிகை வெறும் 2,000, அதுவும் மின்சாரத்தில்.

பலர் சறுக்குவது அடுத்த மாதம்தான். மே 1 அன்று அந்த 32,000 பதிவைத் திருப்பி எழுத வேண்டும். பிறகு 65,000க்கு பில் வந்தால், மே மாதத்தில் 33,000 மட்டும் நிற்கும். மறந்தால் முழு 65,000மும் மே தலையில் விழும். ஏப்ரல் செலவு இரண்டு முறை ஏறிவிடும். கண்டுபிடிப்பது எளிது: பில் கட்டிய பின்னும் கொடுபடவேண்டிய கணக்கில் 32,000 அசையாமல் கிடக்கும்.