விரல் வீங்கினால் தலையையும் பாருங்கள்

நாற்பது வயதைத் தாண்டிய பேருந்து ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது காலின் நான்காவது விரல் அடியிலிருந்து நுனிவரை பிடிகொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறது. அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விரல் மடங்க மறுக்கிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதல் என்பதால் ‘கவுட்’ என்று மாத்திரை கொடுக்கிறார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டும் வீக்கம் வடியவில்லை.

கவுட் பெரும்பாலும் ஒரு மூட்டைத் திடீரென்று தாக்கி, ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். இவருக்கு வீங்கியிருப்பது மூட்டு மட்டுமல்ல, முழு விரலும். விரலை மடக்கும் தசைநாண், அதன் உறை, மூட்டின் உள்சவ்வு எல்லாம் சேர்ந்து அழற்சி கண்டால்தான் இப்படி ஆகும். யூரிக் அமிலம் கூடியதற்கும் வேறு காரணம் உண்டு. அது அவர் தலையில் இருக்கிறது.

பல வருடங்களாகப் பொடுகு என்று அவர் நினைத்திருந்தது உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் படிந்த வெள்ளிச் செதில். அதுதான் சொரியாசிஸ். அந்தத் தோலில் செல்கள் வேகமாகப் பிறந்து உதிர்வதால் யூரிக் அமிலம் கூடலாம். நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் இருக்கின்றன. கால் விரலைப் பார்க்கப் போன இடத்தில் தலையை யாரும் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2006-இல் வெளியான ‘காஸ்பர்’ அளவுகோலின்படி, மூட்டு அழற்சி உள்ளவருக்கு மூன்று புள்ளி சேர்ந்தாலே சொரியாசிஸ் மூட்டுவாதம் எனலாம். இவருக்குத் தோல் நோய்க்கு இரண்டு, நகக் குழிக்கு ஒன்று, விரல் வீக்கத்துக்கு ஒன்று. முடக்குவாதத்துக்கான ருமட்டாய்டு காரணி ரத்தத்தில் இல்லாததற்கும் ஒன்று. மொத்தம் ஐந்து. அந்தக் காரணி இல்லை என்ற முடிவைப் பார்த்து, “வாதம் இல்லை” என்று பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இங்கே அதுவே ஒரு தடயம்.

ஆறு மாதம் தாமதித்தாலே எலும்பு அரிப்புக்கு வாய்ப்பு கூடுகிறது. அரித்த எலும்பு பழையபடி ஆகாது. மருந்துகளில் அதிகம் பயன்படுவது மெத்தோட்ரெக்சேட். இது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடவேண்டிய மாத்திரை. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும், கர்ப்பகாலத்தில் கூடவே கூடாது. இதற்கு அடங்காவிட்டால் அடாலிமுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். வலி தாங்காமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டு, திடீரென்று நிறுத்தினால் தோல் நோய் மோசமாகச் சீறி எழக்கூடும்.

காய்ச்சலோடு ஒரே நாளில் விரல் வீங்கினால் அது சீழ்பிடித்தலாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி வீங்கிய விரலோடு மருத்துவரிடம் போகும்போது தலை, தொப்புள், பிட்ட இடுக்கு, நகம் எங்கே செதிலோ குழியோ இருந்தாலும் கூச்சப்படாமல் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்.