ஆடியில் அனுப்ப வேண்டிய செய்தி

ஆடியில் முகூர்த்தம் இல்லை. நாதஸ்வரக் கலைஞர்கள் கல்யாண ஏற்பாட்டாளர்களுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப அதுவே சரியான மாதம். ஆவணிக் கல்யாணங்களுக்கு அப்போதுதான் ஆள் தேடுவார்கள்.

அந்தச் செய்தியை ஏற்பாட்டாளர் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, அப்படியே பெண் வீட்டாருக்குத் தள்ளிவிடுவார். அதனால் கலைஞரை அறியாதவருக்கும் அது புரிய வேண்டும். பலர் குரு பரம்பரையையும் வாங்கிய பட்டங்களையும் எழுதிவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம். கும்பகோணத்திலிருந்து நாதஸ்வரக் குழு. 2 நாதஸ்வரம், 2 தவில், தாளம், சுருதிப்பெட்டி. மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் முகூர்த்தமும் வாசிப்போம். திருச்சி, தஞ்சை வரை வருவோம். ஆவணியில் காலியான தேதிகள் கீழே. ஒரு நிமிட வீடியோ இணைத்துள்ளோம்.”

வீடியோவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனைத் தவிலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்து கரகரக்கும், நாதஸ்வரமும் அமுங்கிப்போகும். பத்தடி தள்ளி, நாதஸ்வரத்தின் பக்கமாக நின்று எடுக்க வேண்டும். நீண்ட ஆலாபனை வேண்டாம். ஒரு கீர்த்தனையில் அரை நிமிடம், பிறகு தாலி கட்டும்போது எழும் கெட்டிமேளம். குடும்பத்தார் கேட்க விரும்புவது அதைத்தான்.

தொகையைச் செய்தியில் போடாதீர்கள். தூரம், நேரம், ஆள் கணக்கு தெரிந்தபின் போனில் சொல்லுங்கள். ஒரு தேதி நிறைந்ததும் புதிய பட்டியலை அனுப்பிவிடுங்கள். இல்லாத தேதிக்கு ஒருமுறை நம்பவைத்துவிட்டால் அந்த ஏற்பாட்டாளர் மறுபடி கூப்பிட மாட்டார்.