சேலையின் படமா, சேலை போன்ற படமா?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு சிறு சேலைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விசைத்தறியில் நெய்த சாஃப்ட் சில்க் ரகங்கள்தான் பெரும்பகுதி. நெசவாளர்களிடம் நேரில் வாங்கிய கைத்தறிப் பட்டும் கொஞ்சம் உண்டு. அதில் ஒவ்வொன்றும் ஒற்றைப் பீஸ். விற்பனை பெரும்பாலும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக நடக்கிறது. வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்.

இந்தக் கடைக்காரர் முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாதம் ஒருநாள் போட்டோகிராபரை வரவழைத்து, மாடலுக்குச் சேலை கட்டிவிட்டுப் படம் எடுப்பது. இன்னொன்று, சேலையை விரித்து செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி, ஒரு பெண் அந்தச் சேலையைக் கட்டி நிற்பது போன்ற படத்தை உருவாக்கிக்கொள்வது. இரண்டாவது மலிவு என்பது சட்டென்று தெரிகிறது. அந்த மலிவு எதுவரை தாங்கும் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு

கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களும் செய்யலாம்.

மாதம் 24 புது டிசைன் வருகிறது. ஒவ்வொரு டிசைனிலும் சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்று சேலை விற்று, மொத்தம் 300 சேலை போகிறது. போட்டோகிராபர், மாடல், மேக்கப், சேலை கட்டிவிடுபவர், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருநாள் செலவு 25,000 ரூபாய். ஒரு சேலையைக் கட்டி, கொசுவம் சரிசெய்து, நாலைந்து கோணத்தில் எடுக்க இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே, ஒரே நாளில் 24 சேலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

செயலி வழியில், சந்தா 2,000 ரூபாய். ஒரு டிசைனுக்குப் படம் எடுக்க, உருவாக்க, சரிபார்க்க, தவறாக வந்ததைத் திரும்பச் செய்ய நாற்பது நிமிடம் என்றால், 24 டிசைனுக்குப் பதினாறு மணி நேரம். அதாவது ஊழியர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. 1,400 ரூபாய் சம்பளம். ஆக மொத்தம் 3,400. மாதம் 21,600 ரூபாய் மிச்சம்.

இனி, திரும்பி வரும் சேலையின் செலவு. போக, வர கூரியரும் பேக்கிங்கும் மறுபடி மடித்து அயர்ன் செய்வதும் சேர்ந்து 200 ரூபாய். அந்த விற்பனையில் கிடைத்திருக்க வேண்டிய லாபம் 250 ரூபாய். ஒரு சேலை திரும்பினால் 450 ரூபாய் போச்சு. 21,600-ஐ 450-ஆல் வகுத்தால் 48. அதாவது, படத்தை நம்பி ஏமாந்தோம் என்று மாதம் 48 பேர் கூடுதலாகத் திருப்பி அனுப்பினால், மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். 300-க்கு 48 என்பது நூற்றுக்குப் பதினாறு.

இவ்வளவு பேர் திருப்பி அனுப்புவார்களா? எல்லா ரகத்திலும் அல்ல. அதனால் செயலியை நட்டம் என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. திருப்பி அனுப்பியவர் மறுபடி வாங்க வருவதில்லை. குழுவில் நாலு பேரிடம் சொல்லவும் செய்கிறார்.

செயலி எங்கே தடுமாறுகிறது

படம் உருவாக்கும் செயலி, நீங்கள் கொடுத்த படத்திலிருந்து சேலையை வெட்டியெடுத்து இன்னொரு பெண்மீது ஒட்டுவதில்லை. படத்தைச் சுருக்கமான குறிப்புகளாக மாற்றிக்கொண்டு, அதிலிருந்து புதிதாக ஒரு படத்தை வரைகிறது. சுருக்கும்போது பெரிய விஷயங்கள் தங்கும், நுணுக்கம் உதிரும். உதிர்ந்த இடத்தை, தான் முன்பு பயின்ற ஆயிரமாயிரம் படங்களில் இருந்த வழக்கமான சேலையை வைத்து நிரப்பிக்கொள்ளும்.

ஒரே நிறத்தில் வெற்று உடலும் மெல்லிய கரையுமாக இருக்கும் சேலைக்கு இதனால் பெரிய சேதமில்லை. நெசவு வேலைப்பாடு கூடக்கூடத்தான் சிக்கல். கரையில் உள்ள கோபுர முனைகள் எண்ணிக்கையில் மாறும். யாளி இருந்த இடத்தில் யாளி மாதிரி ஏதோ ஒன்று வரும். புட்டாக்களின் இடைவெளி குறையும் அல்லது கூடும். முந்தியில் இல்லாத ஒரு ஜரிகைக் கோடு முளைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு சேலை உங்கள் கடையில் இல்லை.

நிறத்தில் வரும் பிழை இன்னும் வழக்கமானது. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம்; துணி மடியும் கோணத்தைப் பொறுத்து நீலமாகவும் பச்சையாகவும் மாறித் தெரிவதுதான் அதன் அழகு. செயலி பல நேரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து முழுச் சேலைக்கும் பூசிவிடுகிறது. பிறகு, “அக்கா, போட்டோல பச்சையா இருந்துச்சு, வந்தது நீலமா இருக்கே” என்று செய்தி வரும்போது கடைக்காரரிடம் பதில் இருக்காது.

உருவாக்கிய படத்தைச் சேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இவை பிடிபடும். கரையின் அகலம் மாடலின் உள்ளங்கையோடு ஒப்பிடச் சரியாக இருக்கிறதா? ஒரு வரிசைப் புட்டாக்களை எண்ணினால் பொருந்துகிறதா? கொசுவ மடிப்பில் டிசைன் உடைந்து மறைய வேண்டும். தட்டையாக விரித்தது போல மடிப்பின் குறுக்கே நீண்டு ஓடினால் அது தவறு. பட்டுக்கு விறைப்பு உண்டு. படத்தில் ஜார்ஜெட் போல வழிந்தால் வாங்குகிறவர் துணியின் தன்மையையே தவறாகப் புரிந்துகொள்வார். வழக்கமான கட்டில் முந்தி வலத்தோளில் இருந்தால், படம் இடவலம் மாறியிருக்கிறது.

போட்டோகிராபர் வந்தால் மட்டும்?

கேமராவுக்கு முன்னால் இருப்பது அசல் சேலை என்பதால் புட்டா எண்ணிக்கை மாறாது. நிறம் மாறலாம். கடையின் டியூப்லைட் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால், சேலையின் ஒரு பக்கம் நீலம் ஏறியும் மறுபக்கம் மஞ்சள் ஏறியும் பதிவாகும். எடிட்டிங்கில் முகம் பளிச்சென்று தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் அரக்கு சிவப்பாகிவிடும். சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சேலையோடு வைத்து முதல் படத்தை எடுத்து, அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்யச் சொல்வதே இதற்கு மருந்து.

கட்டுப்பாடு என்று பார்த்தால், செயலியில் இன்று மாலை வந்த சரக்கை இன்று இரவே போடலாம். போட்டோகிராபரிடம் அவருடைய தேதிக்கும் எடிட்டிங்குக்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே, பேசும்போதே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எத்தனை படம் எடிட் செய்து தருவார், எந்த நாளுக்குள் தருவார், நிறம் தவறினால் மறுபடி சரிசெய்யக் கட்டணம் உண்டா, மாடலின் படத்தை எவ்வளவு காலம், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பவை அவை. வலைத்தளத்துக்கு என்று பேசிய படத்தைப் பேனரில் போட்டு மாடலோடு தகராறு ஆவது உண்டு.

படத்தின் உரிமை பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, நீங்கள் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நீங்களே முதல் உரிமையாளர். பக்கத்துக் கடைக்காரர் அதை எடுத்துப் போட்டால் தைரியமாகக் கேட்கலாம். செயலி உருவாக்கிய படத்துக்கு அந்த அளவு உறுதியான நிலை இங்கே இன்னும் ஏற்படவில்லை.

சட்டம் கேட்பது என்ன

இணையவழி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020-இல் வந்தன. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால், அதைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. “நோ ரிட்டர்ன்” என்று கீழே போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. படத்தை வரைந்தது எந்தச் செயலியானாலும் பொறுப்பு விற்றவருடையது.

அமேசானில் விற்பவர்களுக்கு இன்னொரு கட்டு. முதன்மைப் படம் அசல் பொருளின் புகைப்படமாக, தூய வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். ஓவியமோ கற்பனைக் காட்சியோ அங்கே ஏற்கப்படாது.

உருவாக்கிய மாடல் ஏதாவது ஒரு நடிகையின் சாயலில் வந்துவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பிரபலங்களின் பெயரையும் சாயலையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. 2015-இல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அவரது பெயரும் பாணியும் சாயலும் ஒரு இந்திப் படத்தில் பயன்படுவதற்குத் தடை விதித்தது.

பிரித்துக் கொடுப்பதே வழி

மேலே போட்ட கணக்கை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் முடிவு எளிதாகிறது. படம் ஒன்றின் செலவை, அந்தப் படத்தால் விற்கும் சேலைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 25,000 ரூபாயை 300 சேலைக்குப் பங்கிட்டால் ஒரு சேலைக்கு ஏறக்குறைய 83 ரூபாய்தான். அதே நாளில் 24 ஒற்றைப் பீஸ்களை எடுத்திருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரத்துக்கு மேல் விழும்.

ஆகவே, திரும்பத் திரும்ப நெய்து வரும் டிசைன்களுக்குப் போட்டோகிராபர் கட்டுப்படியாகும். அவற்றிலும் நன்றாக ஓடும் என்று தெரிந்தவற்றை மட்டும் சேர்த்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருநாள் எடுத்தால் செலவு பாதியாகும்.

ஒற்றைப் பீஸ் கைத்தறிக்கு இரண்டு வழியும் பொருந்தாது. போட்டோகிராபருக்குக் கொடுத்தால் செலவு தாங்காது; செயலியிடம் கொடுத்தால், எந்த வேலைப்பாட்டுக்காக அந்த விலையோ அதுவே மாறிவிடும். அதற்கு நிழலான பகல் வெளிச்சம் போதும். டியூப்லைட்டை அணைத்து, போனில் வெளிச்சத்தையும் நிறத்தையும் பூட்டி, கரை, முந்தி, உடல் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். மயில் கழுத்து போன்ற இரட்டை நிறத்துக்குத் துணியை மெல்ல ஆட்டிப் பத்து விநாடி வீடியோவும் எடுத்துப் போடுங்கள்.

செயலிக்கு மீதமிருக்கும் வேலையும் குறைவல்ல. அசல் படத்தில் சேலையைத் தொடாமல் பின்னணியை மட்டும் மாற்றலாம். தீபாவளி, பொங்கல் வாழ்த்துப் பேனர் செய்யலாம். கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்ட, வேலைப்பாடு குறைந்த ரகங்களுக்கு மட்டும் மாடல் படம் உருவாக்கலாம். அப்போதும் அசல் படத்தை முதலில் வைத்து, அடுத்த படத்தின் மேலேயே “கட்டிய தோற்றம் கணினியில் உருவாக்கியது” என்று எழுதிவிட வேண்டும்.

தொடங்குகிறவர்கள் ஒரு மாதம் இப்படிச் சோதிக்கலாம். பாதி டிசைனுக்கு அசல் படம், பாதிக்கு உருவாக்கிய படம் போட்டு, திரும்பி வரும் ஒவ்வொரு சேலையின் மேலும் காரணத்தை எழுதி வையுங்கள். “நிறம் வேறு”, “டிசைன் வேறு” என்று வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். உங்கள் கடைக்கான 48 எது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.