அக்காவின் வலது தோள்

கொண்டை போட முடியவில்லை என்பதுதான் அக்காவின் முதல் புகார். வயது 64. வலது கை பாதி உயரத்தில் நின்றுவிடும். இடது கையால் முழங்கையைத் தாங்கினால்தான் மேலே ஏறும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடுராத்திரியில் வலி எழுப்பிவிடும். கீழே விழவில்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை. ஆறேழு மாதமாக மெல்ல மெல்ல வந்த வலி. சர்க்கரை இருப்பதால் வீட்டில் எல்லோரும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று தீர்ப்பே எழுதிவிட்டோம்.

எலும்பு டாக்டர் ஒரே நிமிடத்தில் அந்தத் தீர்ப்பை மாற்றினார். கையைத் தளர விடச் சொல்லி, அவரே மெதுவாகத் தூக்கினார். காதோரம் வரை தடையில்லாமல் போனது. இறுகிப்போன தோள் என்றால் யார் தூக்கினாலும் பாதியில் நின்றுவிடும். பிறர் தூக்கினால் போகிறது, தானாகத் தூக்கினால் போகவில்லை என்றால் கோளாறு மூட்டில் இல்லை, தூக்குகிற தசையில் இருக்கிறது. எம்ஆர்ஐ அதைத்தான் சொன்னது: சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாரில் 'ஃபுல் திக்னெஸ் டேர்', அகலம் ஒன்றரை சென்டிமீட்டர்.

'ஃபுல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கயிறு அறுந்த மாதிரி ஜவ்வு இரண்டு துண்டாகிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நானும்தான். அப்படியில்லை. தோள்பட்டை எலும்பிலிருந்து நான்கு தசைகள் கிளம்பி, அவற்றின் நார்கள் ஒன்றாகச் சேர்ந்து, மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்குத் தொப்பி போட்டதுபோல ஒட்டிக்கொள்கின்றன. இதற்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். வெளித்தோளில் உருண்டு தெரிகிற டெல்டாய்ட் தசை கையை மேலே இழுக்கும்போது, எலும்பின் தலை குழியை விட்டு மேலேறாமல் அமுக்கிப் பிடிப்பது இந்தத் தொப்பியின் வேலை. அதில் மேற்புறத்திலிருந்து அடிப்புறம் வரை ஊடுருவிய ஓட்டை விழுந்தால் அதுதான் 'ஃபுல் திக்னெஸ்'. நைந்த வேட்டியில் விழுந்த ஓட்டை மாதிரி. ஓட்டை ஊடுருவியிருக்கிறது என்பது ஒரு செய்தி, எவ்வளவு அகலம் என்பது வேறு செய்தி. அக்காவுக்குத் தொப்பியின் பெரும்பகுதி எலும்போடு ஒட்டித்தான் இருந்தது.

இந்த வயதில் இப்படிப்பட்ட ஓட்டை அபூர்வமும் அல்ல. ஜப்பானில் ஓர் ஊரில் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, 22 சதவீதம் பேருக்கு ஊடுருவிய கிழிசல் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

"கிழிஞ்சத தைக்காம எப்படி டாக்டர் சரியாகும்?" என்று கேட்டாள் அக்கா.

"தைக்காம கிழிசல் மூடாதும்மா. ஆனா கை மேல போறதுக்குக் கிழிசல் மூடணும்னு கட்டாயம் இல்ல. மிச்சம் இருக்கிற சதைய பழக்கினா அது வேலைய எடுத்துக்கும்."

முழு விஷயமும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. பயிற்சி ஓட்டையை அடைப்பதில்லை. மீதித் தசைகளையும் டெல்டாய்டையும் சேர்த்து இயங்கக் கற்றுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் அக்காவைப் போலவே விழாமல் கிழிந்த 452 பேருக்கு முதலில் 12 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். அதனால்தான் டாக்டர்கள் 12 வாரக் கெடு வைக்கிறார்கள். பலன் தெரிவதென்றால் அதற்குள் தெரிந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே ரப்பர் பேண்டைத் தொடவிடவில்லை. மேஜையில் துண்டை விரித்து, கையை அதன்மேல் வைத்து முன்னால் தள்ளுவது. மல்லாக்கப் படுத்து இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கை தள்ள வலிக்கிற கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது. தினமும் இவ்வளவுதான். சில வாரம் கழித்துத்தான் பேண்ட் வந்தது. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டு, முழங்கை மடங்கியபடி, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். துண்டு நழுவி விழுந்தால் தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம். அக்கா செய்த பெரிய தப்பு வேறு: கையைத் தூக்கும்போதெல்லாம் தோளைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று செய்யச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. செய்யும்போது கொஞ்சம் வலித்து இரவுக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

தையலுக்கும் நியாயமான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. நார்வேயில் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கிழிசல் உள்ள 103 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தையல், மீதிப் பேருக்குப் பயிற்சி என்று கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது தைத்தவர்களின் தோள் 100க்குச் சுமார் 10 மதிப்பெண் முன்னால் இருந்தது. பயிற்சிக் குழுவின் 51 பேரில் 14 பேர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். தைக்காத கிழிசல் சிலருக்கு வருடக்கணக்கில் மெல்ல அகலமாகிறது. அதைவிட மோசம், வேலை இழந்த தசை சுருங்கி அதில் கொழுப்பு ஏறுவது. ஏறிய கொழுப்பு தைத்தாலும் இறங்காது. அந்த நிலைக்கு வந்த நாரைத் தைத்தால் பிடிப்பதும் சந்தேகம். மறுபக்கம், ஃபின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் செய்த இதேபோன்ற ஆய்வில், இரண்டு வருட முடிவில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் அறுபதுகளில் இருப்பவரின் சின்னக் கிழிசலுக்கு முதலில் பயிற்சி, ஆனால் கண்காணிப்போடு என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்தக் கணக்கு விழுந்து கிழித்துக்கொண்டவர்களுக்குப் பொருந்தாது. நேற்றுவரை நன்றாக இருந்த கை, குளியலறையில் வழுக்கி விழுந்ததும் தூக்கவே முடியாமல் போனால், அல்லது பிறர் தூக்கிவிட்ட கையை அங்கேயே நிறுத்த முடியாமல் பொத்தென்று விழுந்தால், மூன்று மாதம் பயிற்சி செய்து பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அறுந்த நார் நாள்போக உள்ளே சுருண்டு போகும். பிறகு இழுத்து ஒட்டுவது கஷ்டம். அவர்கள் சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால் சாவித்துவாரம் அளவு துளைகள், எலும்பில் சின்ன ஆணிகள், அவற்றோடு கட்டிய நூல். மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதைப் பலரும் 'எளிது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாலு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும். வலது கை என்றால் சாப்பிட, புடவை கட்ட, தலை வார இன்னொருவர் வேண்டும். மூன்று மாதம் வரை கனம் தூக்கக் கூடாது. பலம் முழுதாகத் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். வயதும் கிழிசலின் அகலமும் ஏற ஏறத் தைத்த இடம் மறுபடி விடுவதும் கூடுகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் புகைபிடித்தாலும் நார் ஒட்டுவது தாமதப்படும். வேடிக்கை என்னவென்றால், தையல் விட்டுப்போனவர்களிலும் பலருக்கு வலி குறைந்தே இருக்கிறது. குறைவது பெரும்பாலும் பலம்தான்.

பன்னிரண்டாவது வாரம் டாக்டர் மறுபடி பார்த்தார். அக்கா கையைத் தூக்கினாள். காதுக்கு ஒரு சாண் கீழே வரை தானாக ஏறியது. ராத்திரித் தூக்கம் எட்டாவது வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரு வருடம் கழித்து அல்ட்ராசவுண்ட் எடுத்து ஓட்டையின் அகலத்தைப் பார்க்கலாம். நடுவில் கையில் புதிதாகப் பலம் குறைந்தால் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பேண்ட் சமையலறைக் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. மேல்தட்டில் இருந்த புளி ஜாடியை மட்டும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டோம். கொண்டை போடுகிறாள், கொஞ்சம் பக்கவாட்டில்.