காரணம் எழுதும் கட்டம்

நுழையும்முன்

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். அருகிருந்து பேணும் பணியை இன்று செவிலியர் செய்கின்றனர். செவிலியம் பயிலும் மாணவர், தாம் பேணும் நோயாளிக்கு என்ன செய்யப்போகிறார், ஏன் செய்யப்போகிறார் என்பதை எழுதிவைப்பதே பராமரிப்புத் திட்டம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஒருவருக்கு அத்திட்டத்தை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திட்டத்தின் அமைப்பு

பராமரிப்புத் திட்டம் ஐந்து படிகளில் அமையும். நோயாளியைப் பற்றிய செய்திகளைத் திரட்டுதல், அவற்றிலிருந்து சிக்கலை இனங்காணுதல், இலக்கை வகுத்தல், செயல்களைச் செய்தல், பயனை மதிப்பிடுதல் என்பன அவை. பணியில் இருக்கும் செவிலியர் எழுதும் திட்டத்திற்கும் மாணவர் எழுதும் திட்டத்திற்கும் பெரும்பாலும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவரது திட்டத்தில், ஒவ்வொரு செயலுக்கும் எதிரே அதற்குரிய அறிவியல் காரணத்தை எழுதத் தனிக்கட்டம் இருக்கும்.

‘பாதங்களை நாள்தோறும் கவனிக்கச் சொல்லுதல்’ என்னும் செயலை எந்த நூலிலிருந்தும் பார்த்து எழுதிவிடலாம். அச்செயல் இந்த நோயாளிக்கு ஏன் தேவை என்பதை அவரை அறிந்தவரே எழுத முடியும். ஆகவே, மாணவர் நோயாளியை உண்மையில் கவனித்தாரா என்பதைக் காரணக் கட்டமே காட்டிக்கொடுக்கும். ஒரு மாதிரி நோயாளியைக் கொண்டு இதனைக் காண்போம்.

செய்தி திரட்டல்

அவருக்கு வயது 56. தெருவோரத்தில் இட்டலிக் கடை நடத்துகிறார். 11 ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய இரு மாத்திரைகளை உட்கொண்டு வருகிறார். வலக்கால் பெருவிரலின் அடியில் ஏற்பட்ட புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். மாணவர் அவரைப் புதன்கிழமை காலையில் சந்திக்கிறார்.

நோயாளி கூறியவற்றையும் தாம் கண்டறிந்தவற்றையும் மாணவர் தனித்தனியே எழுதுகிறார். “கால் மரத்துக் கிடக்குதும்மா. செருப்பு கழன்று போனாலும் தெரியறதில்ல. தரையில ரத்தக்கறை இருக்குன்னு மருமகள் சொல்லித்தான் புண்ணையே பார்த்தேன்” என்பது நோயாளி கூறியது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை வரை உண்ணாமல் விரதம் இருப்பதாகவும், அந்நாள்களில் நண்பகலில் வியர்த்துக் கை நடுங்குவதாகவும் அவர் சொன்னார். அன்றும் காலை மாத்திரைகளை விடாமல் உட்கொள்வாராம்.

புண்ணின் நீளம் 2 சென்டிமீட்டர், அகலம் 1.5 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 198 மில்லிகிராம். ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 9.4 விழுக்காடு. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால், புண்ணைத் தவிர்த்து, வலப் பாதத்தின் பத்து இடங்களில் தொட்டபோது ஆறு இடங்களில் அவர் உணரவில்லை. இச்சோதனையின்போது நோயாளி கண்களை மூடியிருக்க வேண்டும். கண்ணால் கண்டால், உணராத இடத்தையும் உணர்ந்ததாகச் சொல்லிவிடக்கூடும்.

சிக்கலை எழுதுதல்

இந்நிலையில் ‘சிக்கல்: நீரிழிவு நோய்’ என்று எழுதுவது மாணவர் பலரும் செய்யும் பிழை. நீரிழிவு என்பது மருத்துவர் கண்டறிந்த நோயின் பெயர். அந்நோயினால் இவருக்கு நேர்ந்துள்ள, செவிலியர் தம் பணியால் மாற்றக்கூடிய நிலையையே சிக்கலாக எழுத வேண்டும். சிக்கல், அதன் காரணம், அதற்கான சான்று என்னும் மூன்றும் அவ்வாக்கியத்தில் அமையும்.

முதல் சிக்கலை, ‘பாதத்தின் தோல் சிதைவு, பாதத்தில் உணர்வு குன்றியதும் காலணியின்றி நிற்பதும் காரணம், பெருவிரலடியில் உள்ள புண்ணும் இழைச் சோதனையின் முடிவும் சான்று’ என எழுதலாம். இரண்டாவது, ‘இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும் இடர், மாத்திரை உட்கொண்டபின் உண்ணாதிருத்தல் காரணம்’ என்பதாகும். இரண்டாவதில் சான்று என்னும் பகுதி இல்லை. இப்போது நிகழாமல், நிகழக்கூடும் என அஞ்சப்படுவது இடர். அதற்குக் காரணத்தை மட்டும் சுட்டினால் போதும்.

புண் கண்ணுக்குத் தெரிவதால் அதையே முதலில் கவனிக்கத் தோன்றும். ஆயினும் இன்று புதன். நாளை மறுநாள் வெள்ளி. சர்க்கரை தாழ்ந்தால் சில மணி நேரத்திற்குள் நினைவிழக்க நேரிடலாம். எனவே, காலத்தால் நெருங்கி நிற்கும் இரண்டாவது சிக்கலைத் திட்டத்தில் முன்னே வைக்க வேண்டும்.

விரதமும் மாத்திரையும்

‘சர்க்கரை தாழாமல் இருக்கும்’ என்று இலக்கை எழுதினால், அது நிறைவேறியதா என்பதை அளக்க இயலாது. ‘வியாழன் மாலைக்குள், சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகளுள் மூன்றையும் அப்போது செய்ய வேண்டியதையும் நோயாளி தம் சொற்களில் கூறுவார், வெள்ளியன்று சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே செல்லாது’ என்பது அளக்கத்தக்க இலக்கு.

முதல் செயல், விரதப் பழக்கத்தை வார்டின் பொறுப்புச் செவிலியர் வழியாக மருத்துவருக்குத் தெரிவிப்பது. இதற்கு ‘மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும்’ என்று மட்டும் காரணம் எழுதுவது போதாது. இவர் உட்கொள்ளும் இரு மாத்திரைகளும் ஒரே வகையில் வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையை உருவாக்கி இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. அதனைத் தனியே உட்கொள்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. உணவு வராத நேரத்திலும் அத்தூண்டல் தொடர்வதால், விரத நாளின் நண்பகலில் இவருக்கு வியர்வையும் நடுக்கமும் தோன்றுகின்றன. இவ்வாறு எழுதப்பட்ட காரணம், இவர் கூறிய அறிகுறியை இவர் உட்கொள்ளும் மருந்தோடு இணைக்கிறது.

மாத்திரையை நிறுத்துமாறோ குறைக்குமாறோ மாணவர் சொல்லுதல் கூடாது; அது மருத்துவரின் முடிவு. விரதத்தைக் கைவிடுமாறு கண்டிப்பதும் பயன் தராது. கண்டிக்கப்பட்டவர் அடுத்த முறை விரதத்தை மறைத்துவிடுவார். பின்னர் மருத்துவரும் அதனை அறிய வழியிராது.

இரண்டாவது செயல், அறிகுறி தோன்றியதும் செய்ய வேண்டியதைக் கற்பித்தல். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, உயராவிடில் மறுமுறையும் குடிக்க வேண்டும். தேறியபின் இட்டலி போன்ற உணவை உண்ண வேண்டும். கரைத்த சர்க்கரை விரைவில் இரத்தத்தில் கலந்து, விரைவிலேயே செலவாகிவிடும். மாத்திரையின் செயலோ நீடிக்கும். உணவு உண்ணாவிடில் சர்க்கரை மீண்டும் தாழும் என்பது இதன் காரணம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலுக்குள் சென்று அடைத்துவிடும்.

பாதமும் பாதுகாப்பும்

பாதச் சிக்கலுக்கு, ‘சனிக்கிழமை வீடு திரும்புமுன் நோயாளி கண்ணாடியின் துணையால் தம் இரு உள்ளங்கால்களையும் தாமே பார்த்து, கண்டதைச் சொல்வார்’ என மாணவர் இலக்கு வகுத்தார்.

நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதற்கு, ‘பார்த்தால் புண் வராது’ என எழுதினால், அது செயலையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னதாகும். பல்லாண்டு மிகுந்திருந்த சர்க்கரை, பாத நரம்புகளைச் சிதைத்துள்ளது. வலி என்னும் எச்சரிக்கை இவருக்கு எட்டுவதில்லை. ஆகவே, வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்தாக வேண்டும். இதுவே சரியான காரணம்.

பின்பட்டை உள்ள, மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட காலணியை அணியச் சொல்வது அடுத்த செயல். பின்பட்டை இல்லாத செருப்பு கழன்றாலும் இவர் உணர்வதில்லை என்பதை அவரே கூறியுள்ளார். அடுப்பருகில், ஈரத்தரையில் நிற்பவர் இவர். வெந்நீரில் கால் வைத்து ஒத்தடம் கொடுக்கக் கூடாது என்பதும் கற்பிக்கப்படுகிறது. சூட்டை உணராத பாதம் வெந்துபோகும். விரலிடுக்குகளின் ஈரத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி வெடித்துக் கிருமிக்கு வழிவிடும். நாள்தோறும் கட்டு மாற்றும்போது புண்ணின் அளவையும், சுற்றிலும் சிவப்பு பரவுகிறதா, நாற்றம் உள்ளதா என்பதையும் மாணவர் குறித்துவருகிறார். வலி இல்லாமையைப் புண் ஆறுவதன் அடையாளமாகக் கொள்ள இவரிடத்தில் இடமில்லை.

மதிப்பீடு

வியாழனன்று, வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றை நோயாளி தவறாமல் கூறினார். மருத்துவர், விரத நாளுக்குரிய மாத்திரை முறையை மாற்றி எழுதினார். வெள்ளி நண்பகலில் சர்க்கரை 124 மில்லிகிராம். முதல் இலக்கு நிறைவேறியது.

சனிக்கிழமை காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைக் காட்டச் சொன்னபோது, முழங்கால் வலியால் அவரால் குனிய இயலவில்லை. உருவமும் மங்கலாகவே தெரிந்தது. செய்தி திரட்டியபோது, பார்வையையும் முழங்காலையும் மாணவர் கேட்டறியவில்லை. ‘இலக்கு நிறைவேறவில்லை’ என அவர் உள்ளதை உள்ளவாறே எழுதினார். பின்பு, ‘இரவில் கடை சாத்தியபின் மருமகள் பாதங்களைப் பார்ப்பார்’ எனத் திட்டத்தைத் திருத்தி, மருமகளை அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். புதிய செயலுக்கு எதிரே, ‘நோயாளியின் பார்வை மங்கலானது, குனிய இயலாது, புண்ணை முதலில் கண்டவர் மருமகளே’ எனக் காரணம் எழுதினார். கண் பரிசோதனையின் தேவையையும் பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தார்.

கற்பவை கற்றபின்

1. ‘காலணியைப் போடுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தல்’ என்னும் செயலுக்கு, இந்நோயாளிக்குரிய காரணத்தை எழுதுக.
2. இடரை எழுதும் வாக்கியத்தில் சான்று இடம்பெறாமைக்குக் காரணம் கூறுக.
3. பாத இலக்கு நிறைவேறாமைக்கு வழிவகுத்த பிழை ஐந்து படிகளுள் எதில் நேர்ந்தது என விளக்குக.