அறையைக் காலி செய்தாயிற்று, பணம் எங்கே?

சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவுக்கு வாடகை 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு மேஜையில் கார்டை வாங்கி, மினிபார், உடைசல் போன்ற செலவுகளுக்காக இன்னொரு 200 சேர்த்து 600 டாலரை முடக்குவார்கள். அந்தப் பணம் ஓட்டலுக்குப் போய்விடவில்லை. உங்கள் வங்கிதான் அதைத் தொடமுடியாதபடி ஒதுக்கி வைத்திருக்கிறது. கிரெடிட் கார்டில் வரம்பு மட்டும் குறையும். டெபிட் கார்டில் சொந்தப் பணமே மாட்டிக்கொள்ளும்.

கிளம்பும்போது பில் 400தான். முடக்கிய தொகையிலேயே அதைக் கழித்து, மிச்சத்தை விடுவிக்கச் சொல்லி ஓட்டல் உடனே தகவல் அனுப்பினால் தொல்லை குறைவு. ஆனால் சில ஓட்டல்கள் புதிதாக 400 வசூலித்துவிட்டு, பழைய முடக்கத்தை அப்படியே விட்டுவிடும். அப்போது 1,000 டாலர் போனதுபோலத் தெரியும். விடுவிப்புத் தகவல் வராதவரை வங்கியும் தன் காலக்கெடு முடியட்டும் என்று காத்திருக்கும். அது சில நாளாகலாம், சில வாரமும் ஆகலாம்.

கணக்கில் ‘பெண்டிங்’ என்று காட்டினால் பெரும்பாலும் முடக்கம்தான். முடக்கத்தின் அனுமதி எண்ணை ஓட்டலிடம் வாங்கி, வங்கியிடம் கொடுத்து விடுவிக்கச் சொல்லுங்கள். ‘ரீஃபண்ட் எப்போது?’ என்று ஓட்டலைக் கேட்டால், எடுக்காத பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பார்கள்.