போலி இணையக் கடையில் பணம் கட்டியாச்சு, இனி என்ன செய்யணும்?

பவர் வீடர் பாதி விலைக்கு, சோலார் பம்பு மானியத்தில் உடனடி டெலிவரி, பாரம்பரிய விதைத் தொகுப்பு இலவசம், கூரியர் செலவு மட்டும் கட்டுங்க என்று கைப்பேசியில் விளம்பரம் வராத நாளே இல்லை. இதில் சில உண்மையான கடைகள். சில, கடையே இல்லாத வெறும் பக்கங்கள்.

நம்மைக் குறிவைத்தே இது நடக்கிறது என்பதற்கு பி.எம். குசும் திட்டம் சாட்சி. சோலார் பம்பு தரும் இந்தத் திட்டம் 2019-ல் வந்தது. கொஞ்ச நாளிலேயே www.kusumyojanaonline.in.net, www.onlinekusumyojana.org.in போன்ற பெயர்களில் பக்கங்கள் முளைத்து, பதிவுக் கட்டணம் என்றும் பம்பு விலை என்றும் விவசாயிகளிடம் பணம் வாங்க ஆரம்பித்தன. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பெயர் சொல்லி எச்சரிக்கை விட வேண்டி வந்தது. அந்தப் பெயர்களின் வால் பகுதியைப் பாருங்கள். .org.in, .co.in எல்லாம் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். அரசுப் பக்கம் என்றால் gov.in அல்லது nic.in என்று முடியும். தமிழ்நாட்டில் சோலார் பம்பு மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்கணும்.

சரி, பணம் போயாச்சு. திரும்ப வருமா? வங்கியில் வேலை பார்த்த காலத்திலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள், எந்த வழியில் பணம் கட்டினீர்கள். ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

திருத்தணி பக்கத்து உழவர் ஒருவர் பவர் வீடர் விளம்பரம் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலை முன்பணம் 4,999 ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மதியம் 'லாரி வாடகை' என்று 6,500 கேட்கிறார்கள், அனுப்புகிறார். ஒரு மணி நேரம் கழித்து 'ஜி.எஸ்.டி. 8,200 கட்டுங்க, வண்டி வந்ததும் திருப்பித் தருவோம்' என்கிறார்கள். அப்போதுதான் உறைக்கிறது.

இந்த நேரத்தில் பலர் செய்வது, கடைக்காரனுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டு சண்டை பிடிப்பது. அது அவனுக்கு நேரம் கொடுப்பது மாதிரி. செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணுக்குப் போன். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடு, 2021-ல் தொடங்கியது. அந்தந்த மாநிலக் காவல்துறையே நடத்துகிறது, அதனால் தமிழிலேயே பேசலாம்.

அங்கே கேட்பது இவைதான்: உங்கள் வங்கி, கணக்கு எண், பணம் போன நாள், நேரம், தொகை, யாருக்குப் போனது, பரிவர்த்தனை எண். யு.பி.ஐ. செயலியில் அந்தப் பணப்பரிமாற்றத்தைத் தொட்டால் UTR என்று 12 இலக்க எண் இருக்கும், அதுதான் முக்கியம். நம் உதாரணத்தில் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. 'மொத்தம் 11,499 போச்சு' என்று சொன்னால் போதாது. இரண்டு தொகையையும் அதனதன் எண்ணோடு தனித்தனியாகச் சொல்லணும்.

நீங்கள் சொன்னதும் அந்த விவரம் கணினி வழியாக உங்கள் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்குப் போயிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குப் போகும். ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். இவர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. வாடகைக்குப் பிடித்த நாலைந்து கணக்குகளில் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் இவ்வளவு வித்தியாசம். நம் உழவருக்கு முந்தின நாள் போன 4,999 கையை விட்டுப் போயிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் போன 6,500 நின்றுவிட நல்ல வாய்ப்பு உண்டு.

போன் பேசியதும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் cybercrime.gov.in பக்கத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்து முடிக்கணும். விளம்பரம், கடைப் பக்கம், வாட்ஸப் பேச்சு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் திரைப்பதிவு எடுத்து இணையுங்கள். கோபத்தில் வாட்ஸப் பேச்சை அழித்துவிடாதீர்கள். அன்றைக்கே வங்கிக்கும் புகார் கொடுத்து, அதற்கும் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லைப் பிரச்சினை

நம் ஊரில் இன்னொரு குழப்பம் வரும். கடை முகவரி திருப்பதி என்று போட்டிருக்கும், உங்கள் வங்கிக் கணக்கு நகரியில் இருக்கும், வீடு திருத்தணியில். எந்தக் காவல் நிலையம்? இணையப் புகாரில் மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் திருவள்ளூர் என்று நீங்கள் இருக்கும் இடத்தையே போடுங்கள். நேரில் போனாலும் 'இது ஆந்திரா கேஸ், அங்கே போங்க' என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கணும் என்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இணையத்தில் வரும் ஒப்புகை எண் வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் ஒப்புகை எண்ணைக் காட்டி, சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கேட்டு வாங்குங்கள்.

நிறுத்தி வைத்த பணம் தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அது வழக்குச் சொத்து என்பதால், வழக்கமாக நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். அதே சட்டத்தின் 503-வது பிரிவில் மனு போடணும். ஒப்புகை நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை, எவ்வளவு தொகை எந்த வங்கியில் நிற்கிறது என்ற காவல்துறை விவரம் ஆகியவை தேவைப்படும். தொகை சிறியது என்றால் எந்த வழியில் விடுவிக்கிறார்கள் என்று சைபர் காவல் நிலையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி தருமா?

'மூன்று நாளில் சொன்னால் வங்கி முழுப்பணமும் தரணும், ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு' என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. 2017 ஜூலையில் வந்த அந்தச் சுற்றறிக்கை, உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் அது வந்தது. பவர் வீடருக்காக நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம் அதில் வராது. ஏமாற்றி வாங்கினாலும், அனுப்பியது நீங்கள் என்றுதான் வங்கி பார்க்கும்.

ஆனால் இதே போலிக் கடையில் கார்டு எண்ணைக் கொடுத்திருந்து, இரண்டு நாள் கழித்து உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு தொகை போனால் கதை வேறு. வெளியார் செய்த அந்தத் திருட்டை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். நீங்கள் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கணும். தப்பு உங்களுடையது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது.

கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: சார்ஜ்பேக். 'பொருள் வந்து சேரவில்லை' என்று வங்கியின் டிஸ்பியூட் படிவத்தில் எழுதிக் கொடுத்தால், பொருள் கொடுத்ததற்கு விற்றவன் ஆதாரம் காட்டணும். போலிக் கடையால் காட்ட முடியாது. இதற்குக் கெடு உண்டு, அதனால் 'அடுத்த வாரம் வந்துரும்' என்ற சமாதானத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. இணையத்தில் புதிய கடையில் வாங்கியே ஆகணும் என்றால், யு.பி.ஐ.யை விட கார்டு பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in பக்கத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அது வங்கியின் சேவைக் குறைக்கு மட்டும், கடைக்காரன் மீது அல்ல.

நுகர்வோர் சட்டம் எங்கே உதவும்?

நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவன் யார் என்று தெரிந்தால்தான் இது பலன் தரும். பெயரும் முகவரியும் இல்லாதவனுக்கு நோட்டீஸ் எங்கே அனுப்புவது? 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையக் கடை தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரி பெயர் எல்லாம் பக்கத்தில் போடணும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். அப்படிப் பெயர் போட்ட கடை மட்டமான பொருள் அனுப்பினால் 1915 சரியான இடம். கடையே போலி என்றால் 1930.

பணம் கட்டும் முன்பே இதைச் சோதிக்கலாம். கடைப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் gst.gov.in-ல் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாடு 33, ஆந்திரா 37. முகவரி கோயம்புத்தூர், எண் மட்டும் வேறு மாநிலம் என்றால் விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். எண் சரியாக இருந்தாலும் வேறொருவருடையதைத் திருடிப் போட்டிருக்கலாம். யு.பி.ஐ.யில் பின் போடும் முன் திரையில் வரும் பெயர் அந்த நிறுவனத்தின் பெயரா, யாரோ ஒரு தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது ஏமாற்று வரும். 'உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான் தேவை. 1930-ல் இருந்தோ காவல்துறையில் இருந்தோ யாரும் மீட்புக் கட்டணம் கேட்க மாட்டார்கள். கேட்டால், அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.